30 குட்டை, 35 நெட்டை

ஒரே அளவில் 30 குட்டைக் குழாய்கள். அவற்றைவிட ஒரு சாண் நீளமான 35 குழாய்கள். 26 போல்ட் நட்டுகள். இவ்வளவையும் சமதரையில் இறக்கி, ஒரு ஏணியும் இரண்டு ஸ்பானரும் கொடுத்தால், நாலு பேர் சேர்ந்து 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஓர் அரைக்கோளக் கூண்டை எழுப்பிவிடலாம். நடுவில் தூண் இருக்காது, உத்தரமும் கிடையாது. பார்க்கிற பக்கமெல்லாம் முக்கோணங்கள். ஜியோடெசிக் டோம் என்று பெயர்.

இதைப் பிரபலப்படுத்தியவர் அமெரிக்கரான பக்மின்ஸ்டர் ஃபுல்லர். 1954-இல் அவர் பெயரில் காப்புரிமையும் வந்தது. ஆனால் அவருக்கு முன்பே, 1920-களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் யேனா நகரில் ஸைஸ் நிறுவனத்துப் பொறியாளர் வால்டர் பவர்ஸ்ஃபெல்ட் இதே வலைப்பின்னலில் ஒரு குவிமாடம் கட்டியிருந்தார். கோளரங்கத்துக்கு நட்சத்திரங்களைக் காட்ட ஓர் உருண்டையான உட்கூரை அவருக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஃபுல்லரோ உலகத்துக்கே வீடு கட்டப் புறப்பட்டார். 1948 கோடையில் பிளாக் மவுன்டன் கல்லூரியில் மாணவர்களை வைத்து அவர் செய்த முதல் பெரிய முயற்சி, ஜன்னல் மறைப்புக்குப் பயன்படும் மெல்லிய உலோகப் பட்டைகளால் ஆனது. அது தரையை விட்டு எழவே இல்லை. அடுத்த கோடையில் கனமான பொருளில் செய்தபோது எழுந்து நின்றது.

கணக்கு ஐகோசஹெட்ரனில் தொடங்குகிறது. இருபது சமபக்க முக்கோணங்களை ஒட்டிச் செய்த கட்டி அது. மூலைகள் 12, விளிம்புகள் 30. ஒவ்வொரு மூலையிலும் ஐந்து முக்கோணங்கள் கூடும். ஏன் ஆறு இல்லை? சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை. ஆறு சேர்ந்தால் 360. தரையில் தட்டையாகப் படுத்துவிடும். ஐந்து சேர்த்தால் 300 பாகைதான், ஆகவே மூலை மேலே கூம்பும். அந்த 60 பாகைக் குறைவுதான் வளைவைக் கொண்டுவருகிறது. ஆனால் வளைவு முழுவதும் 12 மூலைகளில் குவிந்து கிடப்பதால், இந்தக் கட்டியை யாரும் உருண்டை என்று சொல்லமாட்டார்கள்.

இதை உருண்டையாக்க ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொரு விளிம்பின் நடுவிலும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகளை இணைத்தால் ஒரு பெரிய முக்கோணம் நான்கு சின்ன முக்கோணங்களாகும். இதுவரை நான்கும் ஒரே அளவு. அடுத்து, அந்த நடுப்புள்ளிகளை மையத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளி, மூலைகள் இருக்கும் அதே கோளப் பரப்பில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தள்ளியதும் கோடுகள் எல்லாம் நீளும், ஆனால் ஒரே அளவில் நீளாது. பழைய விளிம்பில் கிடக்கும் பாதிக்கோடு ஒரு முனையில்தான் நகர்கிறது. நடுவிலுள்ள முக்கோணத்தின் பக்கங்களுக்கோ இரண்டு முனைகளும் நகர்கின்றன. அதனால் முதல்வகை கொஞ்சமாகவும் இரண்டாம்வகை அதிகமாகவும் நீளும். குட்டையும் நெட்டையும் இப்படித்தான் வந்தன. விளிம்பை இரண்டாகப் பிரித்ததால் கட்டுகிறவர்கள் இதை டூ-வி என்பார்கள். மூன்றாகப் பிரித்தால் த்ரீ-வி. அதில் மூன்று நீளங்கள் வரும்.

இப்போது கோணங்களைக் கூட்டிப் பார்க்கலாம். ஐந்து குழாய் கூடும் இடத்தில் முக்கோணக் கோணங்கள் சேர்ந்து ஏறக்குறைய 344 பாகை. ஆறு கூடும் இடத்தில் 342. பன்னிரண்டே மூலைகளில் 60, 60-ஆகக் கிடந்த குறைவு இப்போது எல்லா முடிச்சுகளுக்கும் கிட்டத்தட்டச் சமமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. கண்ணுக்கு உருண்டையாகத் தெரிவது இந்தப் பங்கீட்டினால்தான். எத்தனை நுணுக்கமாகப் பிரித்தாலும் முழுக்கோளத்தில் ஐந்து கூடும் இடம் பன்னிரண்டுதான். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. அரைக்கோளத்தில் ஆறு.

நீளம் கண்டுபிடிக்க வேண்டியது ஒரே ஒரு சூத்திரம். R என்பது கோளத்தின் ஆரம். θ என்பது ஒரு குழாயின் இரண்டு முனைகளும் கோள மையத்தில் உண்டாக்கும் கோணம்.

```
L = 2 × R × sin(θ / 2)
```

குட்டைக்கு θ 31.72 பாகை, நெட்டைக்குச் சரியாக 36 பாகை. ஆரம் 1 என்று வைத்தால் குட்டை 0.5465, நெட்டை 0.6180. நம் கூண்டுக்கு ஆரம் 3 மீட்டர். ஆகவே குட்டை 164 செ.மீ., நெட்டை 185.4 செ.மீ. எல்லாவற்றையும் கூட்டினால் 114 மீட்டர் குழாய். 6 மீட்டர் நீளக் குழாய் ஒன்றில் எந்த வகையானாலும் மூன்று துண்டு எடுக்கலாம். குட்டைக்கு 10 குழாய், நெட்டைக்கு 12, மொத்தம் 22 வாங்கினால் போதும். கிடைக்கும் தரை 26 சதுர மீட்டருக்குச் சற்று மேல், அதாவது சுமார் 285 சதுர அடி.

இதுவரை உள்ளது எந்தப் பள்ளி மாணவரும் செய்துவிடக்கூடிய கணக்கு. பட்டறையில் வேலை செய்கிறவருக்குத் தெரிய வேண்டியது வேறு. இந்த 164, 185.4 என்ற எண்களை மில்லிமீட்டர் சுத்தமாகப் பிடிக்க வேண்டும் என்று பலரும் பயந்து சாகிறார்கள். டூ-வி அமைப்பில் அந்தப் பயத்துக்கு அவசியமில்லை. 30 குட்டைகளும் தமக்குள் ஒன்றுபோல் இருந்து, 35 நெட்டைகளும் தமக்குள் ஒன்றுபோல் இருந்தால், அளவு கொஞ்சம் பிசகினாலும் கூண்டு மூடிக்கொள்ளும். அடி வளையமும் சமதரையில் உட்காரும். காரணம், நெட்டைகள் மட்டுமே சேர்ந்து முக்கோணமும் ஐங்கோணமும் மாறிமாறி வரும் ஒரு முழுமையான சட்டத்தை உண்டாக்கிவிடுகின்றன. குட்டைகளின் வேலை அந்த ஐங்கோணத் துளை ஒவ்வொன்றின்மீதும் ஐந்து கம்பியுள்ள ஒரு குடையை விரித்து வைப்பது மட்டுமே.

அந்தக் குடை ரொம்பத் தாழ்வானது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் அளவில் ஐங்கோணத்தின் மையத்திலிருந்து மூலைக்குத் தூரம் 157.7 செ.மீ.; குடையின் உயரம் வெறும் 44.8 செ.மீ. இவ்வளவு தாழ்ந்த குடையில் கம்பியின் நீளம் சிறிது மாறினாலும் உச்சி நிறைய நகரும். ஐந்து குட்டைகளும் 1 செ.மீ. குறைந்தால் உச்சி ஏறக்குறைய 3.8 செ.மீ. இறங்கிவிடும். 6.3 செ.மீ. குறைந்தால் குடையே இல்லை, தட்டையாகிவிடும். கூண்டு அப்போதும் மாட்டும், ஆனால் ஏறி மிதித்தால் அந்த இடம் டப்பென்று உள்பக்கம் புரளும். கட்டி முடித்த டோமில் ஐந்து கூடும் முடிச்சுகள் அமுங்கியது போலவோ முட்டிக்கொண்டு நிற்பது போலவோ தெரிந்தால், இரண்டு நீளங்களுக்கிடையே உள்ள விகிதம் தவறிவிட்டது என்று அர்த்தம்.

விகிதம் தவறுவது பெரும்பாலும் ஹப் விஷயத்தில்தான். முடிச்சில் குழாய்களைச் சேர்க்கும் இணைப்புக்கு ஹப் என்று பெயர். நட்சத்திர வடிவில் வெட்டிய தகடாக இருக்கலாம், குழாய்த் துண்டில் காதுகளை வெல்டிங் வைத்ததாக இருக்கலாம். சூத்திரம் கொடுக்கும் நீளம் முடிச்சின் நடுவிலிருந்து அடுத்த முடிச்சின் நடு வரைக்கும். ஹப் தன் பங்குக்கு இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அந்த அளவைக் கழிக்க வேண்டும். நடுவிலிருந்து 5 செ.மீ. தள்ளிக் குழாய் தொடங்கினால், இரு முனைக்கும் சேர்த்துக் கழிப்பது 10 செ.மீ. குட்டைக்கும் அதே 10, நெட்டைக்கும் அதே 10. ஆக 154, 175.4. சிலர் குட்டையில் மட்டும் 10-ஐக் கழித்துவிட்டு, நெட்டையைப் பழைய விகிதப்படி பெருக்கி எடுப்பார்கள். அப்போது 174.1 வரும், ஒரு நெட்டைக்கு 1.3 செ.மீ. குறைவு. ஆறு குடைகளும் ஏறக்குறைய 4 செ.மீ. கூடுதலாகத் துருத்தும். கூண்டு நிற்கும், ஆனால் அளவெடுத்துத் தைத்து வைத்த துணி பொருந்தாது.

ஹப் என்று தனியாக எதுவும் வேண்டாம் என்பவர்களுக்குக் குழாயின் நுனியையே தட்டையாக்கிவிடுவது நல்ல வழி. முடிச்சுக்கு ஒரு போல்ட், அதில் ஐந்தாறு தட்டை நுனிகள் அடுக்காக. தொடக்கத்தில் சொன்ன 26 போல்ட் இந்த வகைக்குத்தான். முதல்முறை கட்டுகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். கழித்தல் கணக்கே இதில் இல்லை. துளையின் நடுவிலிருந்து துளையின் நடு வரை 164 அல்லது 185.4, அவ்வளவுதான். துளைக்கு அப்பால் இரு பக்கமும் 2 செ.மீ. விளிம்பு விட வேண்டும் என்பதால், வெட்டும் நீளம் 168, 189.4.

வெட்டிய குழாயின் இரு நுனிகளையும் பெஞ்ச் வைஸிலோ பிரஸ்ஸிலோ நசுக்கும்போது இரண்டு தட்டைகளும் ஒரே தளத்தில் அமைய வேண்டும். ஒன்று படுத்தும் மற்றொன்று சாய்ந்தும் இருந்தால் மாட்டும்போது முறுக்கிக்கொள்ளும். வெல்டிங் சீம் உள்ள குழாயாக இருந்தால், அந்த சீம் தட்டையின் ஓரத்து மடிப்பில் விழாதபடி பார்த்துக்கொள்வது நல்லது, அங்கேதான் பிளக்கும். பிறகு நுனியை உள்பக்கமாக மடக்க வேண்டும். குட்டைக்கு 16 பாகை, நெட்டைக்கு 18. மையக் கோணத்தில் பாதி. எல்லாவற்றுக்கும் 17 என்று மடக்கிவிடுகிறவர்கள் உண்டு. அதில் குற்றமில்லை, போல்ட்டை முறுக்கும்போது மீதி தானாக வளைந்துகொடுக்கும்.

துளையைக் கடைசியில்தான் போட வேண்டும். டேப் பிடித்து 130 துளைக்குக் குறி வைத்தால் ஒன்றுபோல் வராது. கனமான ஒரு ஆங்கிள் இரும்பில், 164 செ.மீ. இடைவெளியில் ஒரு முளையும் ஒரு வழித்துளையும் அமைத்து ஜிக் செய்துகொள்ள வேண்டும். குழாயில் முதல் துளை போட்டு அதை முளையில் மாட்டி, வழித்துளை வழியாக அடுத்ததைப் போட்டால் 30-ம் ஒரே அச்சு. ஜிக்கின் அளவு 1 மி.மீ. தப்பியிருந்தாலும் கவலையில்லை, முப்பதும் அதே 1 மி.மீ. தப்பியிருக்கும். நெட்டைக்குத் தனி ஜிக். வேலை முடிந்த கையோடு குட்டையின் நுனியில் சிவப்பும் நெட்டையின் நுனியில் நீலமும் பூசிவிட வேண்டும். 21 செ.மீ. வித்தியாசம் பக்கத்தில் வைத்தால் தெரியும். மைதானத்தில் சிதறிக் கிடக்கும்போது தெரியாது.

இனி பொருத்துவது. 10 நெட்டைகளைத் தரையில் வளையமாக வைக்க வேண்டும். வளையத்தின் ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் மேல்நோக்கி ஒரு குட்டையும் ஒரு நெட்டையும் போகும். சுற்றிவரும்போது நிறம் சிவப்பு, சிவப்பு, நீலம், நீலம் என்ற வரிசையில் வர வேண்டும். சிவப்பு இரண்டும் சாய்ந்து கூடும் உச்சி ஐந்து கூடும் முடிச்சு; நீலம் இரண்டும் கூடுவது ஆறு கூடும் முடிச்சு. இந்தப் பத்து உச்சிகளையும் 10 குட்டைகளால் சுற்றிக் கட்டினால் இரண்டாம் வளையம். இது ஒரே மட்டத்தில் இராது. ஐந்து கூடும் முடிச்சுகள் 1.34 மீட்டர் உயரத்திலும் ஆறு கூடுபவை 1.58 மீட்டரிலும் நிற்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் ஏதோ கோணிவிட்டது என்று அவிழ்க்கப் போவார்கள். அவிழ்க்க வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும்.

அதற்குமேல், ஐந்து கூடும் முடிச்சிலிருந்து ஒரு குட்டையும் ஆறு கூடும் முடிச்சிலிருந்து இரண்டு நெட்டையும் எழும்பும். அவை கூடும் ஐந்து முடிச்சுகளை 5 நெட்டைகள் சுற்றிப் பிடிக்கும். உச்சியில் மிச்சமிருக்கும் 5 குட்டைகள் கடைசிக் குடை. வேலை முழுக்கவும் ஒரே விதியை மனதில் வைத்துக்கொண்டால் படமே தேவையில்லை: ஐந்து கூடும் முடிச்சில் சிவப்பு மட்டுமே, ஆறு கூடும் முடிச்சில் எதிரெதிராக இரண்டு சிவப்பும் மீதி நான்கு நீலமும்.

கடைசிக் குழாய் மாட்டும் வரை எந்த நட்டையும் ஸ்பானரால் முறுக்கக் கூடாது, விரலால் திருகினால் போதும். துளையை போல்ட்டைவிட 1 மி.மீ. பெரிதாகப் போட்டிருந்தால் கூண்டு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்.

எல்லாம் மாட்டிய பின்னும் கூண்டு லேசாக ஆடுவதைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். முழுக்கோளமாக இருந்தால் ஆடாது. 42 முடிச்சுகளை அசையாமல் பிடிக்கக் குறைந்தது 120 குழாய் வேண்டும். முழுக்கோளத்தில் இருப்பதும் மிகச் சரியாக 120. பாதியாக வெட்டியபோது 26 முடிச்சுகளுக்கு 72 தேவை, இருப்பது 65. அந்த ஏழுக்குப் பதிலாகத் தரை நிற்க வேண்டும். அடி முடிச்சுகள் பத்தையும் கான்கிரீட்டில் பதித்த போல்ட்டிலோ, ஆழ அடித்த முளையிலோ கட்டிய பிறகுதான் டோம் விறைக்கும். இந்த ஏழின் குறைவில் ஒரு வசதியும் இருக்கிறது. எங்கோ ஒரு குழாய் அளவு தப்பியிருந்தால் மேலே இடிக்காது. எல்லா போல்ட்டும் சுலபமாக உள்ளே போகும், அடி முடிச்சுகளில் ஒன்றோ இரண்டோ மட்டும் தரையைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். தரை சமமாக இருந்தும் கால் தூக்கினால், பக்கத்து மாநில மேஸ்திரியைத் தேட வேண்டாம், அந்தப் பக்கத்துக் குழாய்களை ஒவ்வொன்றாக ஜிக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கூண்டு நின்றுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதற்கு மேல்தோல் போடும்போது திண்டாடுவார்கள். நம் கூண்டில் 40 முக்கோணங்கள்: மூன்று பக்கமும் நெட்டையாக 10, இரண்டு குட்டை ஒரு நெட்டையாக 30. முதல்வகையின் உயரம் 161 செ.மீ., இரண்டாவதின் உயரம் 135. கடையில் விற்கும் எட்டுக்கு நாலு பிளைவுட்டின் அகலம் 122 செ.மீ. ஆக ஒரு முக்கோணம்கூட ஒரே பலகையில் அடங்காது. பலகை போடத்தான் வேண்டும் என்றால் ஆரத்தை 2.28 மீட்டருக்குள் சுருக்க வேண்டும். இல்லையேல் 165 குழாயுள்ள த்ரீ-விக்குப் போக வேண்டும், அதன் அடி வளையமோ இதைப்போல ஒரே மட்டத்தில் உட்காராது.

பலகை அடங்கினாலும் மழை இருக்கிறது. சாதாரண வீட்டில் கூரை வேறு, சுவர் வேறு. டோமில் பாதிக்குமேல் கூரைதான். ஒவ்வொரு குழாயும் ஒரு இணைப்புக் கோடு. வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் அத்தனை கோடுகளிலும் அடைப்புப் பசை நிற்க வேண்டும். கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளிக்காக மாணவர்களோடு சேர்ந்து டோம்களாகக் கட்டித்தள்ளிய லாயிட் கான், 1970-இலும் 1971-இலும் 'டோம்புக்' என்ற வழிகாட்டிகளை வெளியிட்டார். விற்பனை அமோகம். சில ஆண்டுகள் டோமில் குடியிருந்து பார்த்த பிறகு அவரே அவற்றை மறுபதிப்புச் செய்வதை நிறுத்திவிட்டார். ஒழுகுவது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. மான்ட்ரியாலில் 1967 உலகக் கண்காட்சிக்காக ஃபுல்லர் எழுப்பிய 76 மீட்டர் டோமிலும் பலவீனம் தோலில்தான் இருந்தது. 1976 மே மாதம் பழுதுபார்ப்பு வேலையின்போது தீப்பிடித்து அக்ரிலிக் தோல் முழுவதும் எரிந்துபோனது. எஃகுக் கூண்டு நின்றது, இன்றும் நிற்கிறது.

அதனால் டூ-விக்கு ஏற்ற உடை ஒரே விரிப்பாகத் தைத்த தார்ப்பாயோ, பசுமைக்குடில் பாலித்தீனோ, நிழல்வலையோதான் என்பது என் கருத்து. நாற்றங்கால், பந்தல், கண்காட்சிக் கூடாரம் என்றால் இது பிரமாதமான அமைப்பு. குடியிருக்க வேறு வழி பார்க்கலாம்.

எதற்குக் கட்டினாலும் வாசல் எங்கே என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். அடி வரிசை முக்கோணத்தில் நுழைந்தால் உச்சி 1.58 மீட்டர், அதுவும் உள்நோக்கிச் சாய்ந்தபடி. வளர்ந்த ஆள் குனிந்துதான் போக வேண்டும். வாசலுக்காக ஒரு குழாயைக் கழற்றலாம் என்று யாரும் கைவைக்கக் கூடாது. அடி வளையத்தின் நெட்டைதான் கால்கள் வெளியே விரிந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது. கூண்டைத் தரையில் வைக்காமல், 60 செ.மீ. உயரத்துக்குப் பத்துப்பக்கச் செங்கல் சுவர் எழுப்பி அதன்மேல் உட்கார வைப்பதே சுலபம். வாசல் வரும் பக்கத்தில் மட்டும் செங்கலை விட்டுவிட்டு, அங்கே அடி நெட்டை செய்த வேலையை வாசற்படிக்குக் கீழே ஓடும் கான்கிரீட் பீமிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த பீம் இறுகிய பிறகுதான் அந்த ஒரு குழாயைக் கழற்றலாம்.